தேதியை மாற்றியது யார், செலவை ஏற்பது யார்?

மருத்துவமனையிலிருந்து வரும் தேதி மாற்றச் செய்திகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை போலிருக்கும். ‘தவிர்க்க இயலாத காரணங்களால் தங்கள் பரிசோதனை வேறு நாளுக்கு மாற்றப்பட்டுள்ளது, சிரமத்துக்கு வருந்துகிறோம்.’ எங்கள் குடல்நோய்ப் பிரிவும் பல ஆண்டுகள் இதையே அனுப்பி வந்தது. இந்த வாக்கியத்தில் ஒன்று விடுபட்டிருக்கிறது: தேதியை மாற்றியது யார் என்பது. மருத்துவர் விடுப்பில் சென்றாரா, கருவி பழுதுபட்டதா, பதிவாளர் தவறிழைத்தாரா, அன்றி நோயாளியே வேறு நாள் கேட்டாரா என்று இதைப் படிப்பவர் அறிய இயலாது. அதை அறியாமல், மாற்றத்தால் நேரும் செலவு யாருடையது என்ற கேள்விக்கும் விடை கிடைக்காது.

கொல்லிமலையிலிருந்து எங்களிடம் வருவோருக்கு இந்தக் கேள்வி சமவெளியில் வாழ்வோரைவிடக் கூடுதலாகக் கனக்கும். செம்மேட்டிலோ சோளக்காட்டிலோ பேருந்து ஏறி, காரவள்ளி வரையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து இறங்கவேண்டும். உட்கிராமங்களில் இருப்போர் அந்தப் பேருந்தைப் பிடிப்பதற்கே முதலில் நடக்கவேண்டும், அல்லது வாடகை வண்டி பிடிக்கவேண்டும். துணைக்கு வருபவர் அன்றைய கூலியை இழக்கிறார். மிளகு பறிப்புக் காலமாயின் அந்த இழப்பு இன்னும் பெரிது. எனவே தேதி ஒருமுறை மாறினால் மலையில் ஒரு குடும்பத்தின் இரண்டு மூன்று நாட்கள் குலைகின்றன.

சென்ற ஆண்டு எங்கள் பிரிவில் நிகழ்ந்த ஒன்றை இங்கு விரிவாகச் சொல்ல விரும்புகிறோம். தவறு எங்களுடையது.

அறுபத்தேழு வயதுடைய ஒரு பெரியவர். இதய இரத்தக் குழாயில் ஸ்டென்ட் பொருத்தப்பட்டு இரண்டு ஆண்டுகள் கடந்தவர். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் என்னும் இரண்டு இரத்த உறைவுத் தடுப்பு மாத்திரைகளை உட்கொண்டு வந்தார். மலத்தில் இரத்தம் கண்டு எங்களிடம் வந்தார். கொலோனாஸ்கோபி என்னும் பெருங்குடல் உள்நோக்கிப் பரிசோதனையில், குடலின் உட்சுவரில் பாலிப் என்னும் சதை வளர்ச்சி ஒன்று காணப்பட்டது. ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர் அளவு. அதை அகற்றாமல் விட்டால் பிற்காலத்தில் புற்றாக மாறும் வாய்ப்பு உண்டு. ஆனால் இவ்வளவு பெரிய பாலிப்பை அகற்றும்போது குளோபிடோக்ரெல் உடலில் இருந்தால் இரத்தக் கசிவு நிற்பது கடினம். ஆகவே இதய மருத்துவரின் ஒப்புதலோடு, ஆஸ்பிரினைத் தொடர்ந்து கொண்டே குளோபிடோக்ரெலை மட்டும் ஐந்து முதல் ஏழு நாட்கள் முன்னதாக நிறுத்துவது வழக்கம். ஒரு வியாழக்கிழமையைக் குறித்துக் கொடுத்தோம். முந்திய வியாழக்கிழமை கடைசி மாத்திரையைப் போட்டுக்கொண்டு அவர் சொன்னபடியே நிறுத்தினார்.

இதற்கிடையில், அந்த வியாழனன்று மயக்க மருத்துவர் விடுப்பில் செல்ல நேர்ந்ததால், பெரியவரின் தேதியை அடுத்த திங்கட்கிழமைக்கு எங்கள் அலுவலகம் மாற்றியது. குறுஞ்செய்தியும் அனுப்பியது. அந்தச் செய்தி, முதல் வருகையின்போது கொடுக்கப்பட்ட பழைய எண்ணுக்குச் சென்றது. இரண்டாம் வருகையில் மகன் தம்முடைய எண்ணைச் சொல்லியிருந்தார். அது மருத்துவரின் குறிப்பேட்டில் இருந்தது, கணினியில் ஏறவில்லை. பழைய எண் பயன்பாட்டில் இருந்திருந்தாலும், அலைபேசிக் கோபுரத்தின் அலை எட்டாத சிற்றூரில் அது எப்போது கண்ணில் பட்டிருக்கும் என்பது ஐயமே.

தந்தையும் மகனும் புதன்கிழமை மாலையே இறங்கி வந்து, மருத்துவமனைக்கு அருகில் அறை எடுத்துத் தங்கினார்கள். பேதி மருந்தின் முதற்பாதியை இரவிலும், மறுபாதியை விடியற்காலை நான்கு மணிக்கும் பெரியவர் குடித்தார். எட்டு மணிக்கு எங்கள் பிரிவுக்கு வந்தபோது பட்டியலில் பெயர் இல்லை. ‘உங்கள் தேதி திங்கட்கிழமைக்கு மாறிவிட்டது, செய்தி அனுப்பியிருக்கிறோம்’ என்று வரவேற்பில் இருந்தவர் சொல்லி, மாற்றுச் சீட்டையும் அச்சிட்டுக் கொடுத்தார். அதில் தேதி மாற்றக் கட்டணம் 300 ரூபாய் என்றும், காரணம் ‘நோயாளியின் வேண்டுகோள்’ என்றும் இருந்தது.

‘நாங்க எப்பங்க தேதி மாத்தக் கேட்டோம்?’ என்று மகன் கேட்டார். அந்த ஒரு கேள்வியால்தான் சீட்டு மருத்துவரின் மேசைக்கு வந்தது. கேளாமல் பணத்தைக் கட்டிவிட்டுப் பேருந்து ஏறியவர்கள் இதற்கு முன் எத்தனை பேரோ.

விசாரித்தபோது காரணம் எளிதாக விளங்கியது. கணினியில் தேதியை மாற்றும்போது ஒரு காரணத்தைத் தேர்ந்தால்தான் அடுத்த பக்கம் திறக்கும். பட்டியலில் முதலாவதாக இருந்தது ‘நோயாளியின் வேண்டுகோள்’. அவசரத்தில் முதலாவதையே அழுத்துவது அலுவலகத்தில் பழக்கமாகியிருந்தது. அந்தக் காரணத்தோடு கட்டணமும் தானே இணைந்திருந்தது. யாரும் ஏமாற்ற நினைக்கவில்லை. ஆயினும் எங்கள் விடுப்பாலும் எங்கள் பழைய எண்ணாலும் நேர்ந்த மாற்றம், பதிவேட்டில் அவர் கேட்டதாகவே நின்றது. செலவும் அவர் தலையில் ஏறியது.

இனி, அன்று காலையில் நாங்கள் தீர்மானிக்க வேண்டியிருந்த மருத்துவக் கேள்விக்கு வருவோம். பணக் கணக்கைவிட இதுவே முதன்மையானது. திங்கட்கிழமை வரையில் காத்திருந்தால் பெரியவர் குளோபிடோக்ரெல் இல்லாமல் பதினொரு நாட்கள் இருப்பார். ஸ்டென்ட் உள்ளவருக்கு அந்தக் கூடுதல் நாட்கள் வேண்டாத இடர். ‘அப்படியானால் இன்றே மாத்திரையைத் தொடங்கிவிடலாமே’ என்று தோன்றும். தொடங்கினால், திங்கட்கிழமைக்குள் மருந்து மீண்டும் இரத்தத்தில் வேலை செய்யத் தொடங்கிவிடும். பாலிப்பை அகற்ற முடியாது. மறுபடியும் ஐந்து முதல் ஏழு நாட்கள் நிறுத்தவேண்டியிருக்கும். ஆக எங்களுக்கு இருந்த நேர்மையான வழிகள் இரண்டே. ஒன்று, ஓரிரு நாட்களுக்குள் முடித்துவிடுவது. மற்றொன்று, மாத்திரையைத் தொடரச் சொல்லி, சில வாரங்கள் கழித்து எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்குவது. எங்கள் கணினி காட்டிய திங்கட்கிழமை இரண்டிலும் சேராதது.

வெள்ளிக்கிழமை காலைப் பட்டியலில் முதலிடத்தை அவருக்கு ஒதுக்கினோம். இதய மருத்துவரிடம் தொலைபேசியில் பேசி, மேலும் ஒருநாள் பொறுக்கலாம் என்பதை உறுதி செய்தோம். ஏற்கெனவே முதல்நாள் முழுவதும் பேதி கண்டு சோர்ந்திருந்ததால், சோடியம், பொட்டாசியம் அளவுகளை இரத்தத்தில் பார்த்தோம். உப்புச்சர்க்கரைக் கரைசலும், தெளிந்த நீராகாரமும் கொடுத்தோம். முதியவர்களுக்கு இரண்டு நாள் தொடர்ந்து பேதியானால் இவ்வுப்புகள் குறைந்து தலைசுற்றலும் இதயத் துடிப்பில் மாறுபாடும் வரக்கூடும். குடல் மீண்டும் சுத்தமாக இருக்கவேண்டும் என்பதால் மருந்தின் ஒரு பகுதியை அன்றிரவு மறுபடியும் குடிக்கவேண்டியிருந்தது. வார்டில் ஒரு படுக்கையும், மகனுக்கு இடமும் உணவும் அளித்தோம். வெள்ளிக்கிழமை பாலிப் அகற்றப்பட்டது. இரத்தக் கசிவு இல்லை என்று கண்டபின் குளோபிடோக்ரெல் மீண்டும் தொடங்கப்பட்டது.

செலவுக் கணக்கைப் பார்க்கும்போது முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளவேண்டும். தேதி மாறாமல் இருந்தாலும் செலவாகியிருக்கக்கூடியது ஒரு பகுதி. மாற்றத்தால் மட்டும் கூடியது மறுபகுதி. ஒருமுறை இறங்கி வந்து திரும்பும் பேருந்துக் கட்டணம், புதன்கிழமை இரவின் அறை வாடகை, முதலில் வாங்கிய பேதி மருந்து ஆகியவை எப்படியும் ஆகியிருக்கும். கூடியது எது என்பதுதான் கேள்வி.

திங்கட்கிழமைக்கு அனுப்பியிருந்தால் கூடியிருக்கும் தொகையை மகனோடு அமர்ந்து எழுதிப் பார்த்தோம். இருவர் மீண்டும் வந்துபோகும் கட்டணமும் வழியுணவும் 600 ரூபாய். அறை வாடகை 700. புதிதாகப் பேதி மருந்து 480. மகன் இழக்கும் இரண்டு நாள் கூலி 1,400. எங்கள் சீட்டில் இருந்த 300. மொத்தம் 3,480 ரூபாய். வெள்ளிக்கிழமையே முடித்ததால் இது வெகுவாகக் குறைந்தது. கூடுதல் பேதி மருந்து, இரத்தப் பரிசோதனை, வார்டுப் படுக்கை, உணவு ஆகியவற்றை மருத்துவமனை ஏற்றது. 300 ரூபாய்க் கட்டணம் நீக்கப்பட்டது. எஞ்சியது மகனின் ஒருநாள் கூலி 700 ரூபாய். அதைக் கொடுக்க எங்கள் கணக்கில் அன்று தலைப்பு இல்லை. கொடுக்கவில்லை என்பதை மறைப்பதற்கில்லை. அது கொடுக்கப்பட வேண்டிய தொகை என்பதே எங்கள் பிரிவின் கருத்து. இப்போது எங்கள் தவறால் வீணாகும் பயணத்துக்கு, நோயாளிக்கும் ஒரு துணைவருக்கும் பேருந்துக் கட்டணம் திருப்பித் தரப்படுகிறது. கூலி இழப்பைப் பற்றிய பேச்சு நிர்வாகத்தோடு இன்னும் நடந்து வருகிறது.

இதில் மருத்துவமனையின் கருணையைச் சார்ந்திருக்க வேண்டிய கட்டாயம் நோயாளிக்கு இல்லை. 1995-ஆம் ஆண்டு இந்திய மருத்துவச் சங்கத்துக்கும் வி. பி. சாந்தாவுக்கும் இடையிலான வழக்கில், கட்டணம் பெற்று அளிக்கப்படும் மருத்துவமும் நுகர்வோர் சட்டத்தின் கீழ்வரும் ‘சேவை’யே என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிலரிடம் கட்டணம் பெற்றுச் சிலருக்கு இலவசமாகச் செய்யும் மருத்துவமனையாயின், இலவசமாகப் பெற்றவரும் நுகர்வோரே என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. எல்லோருக்கும் முற்றிலும் இலவசமாகச் செய்யும் இடங்களுக்கு அது பொருந்தாது. இப்போது நடைமுறையில் உள்ள 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தில், கவனக்குறைவாலோ செய்யத் தவறியதாலோ நுகர்வோருக்கு இழப்பு நேர்வது ‘சேவைக் குறைபாடு’ என்ற வரையறைக்குள் அடங்கும். நோயாளி தாம் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே, நிகழ்ந்த இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிடலாம். கொல்லிமலையில் வசிப்போருக்கு அது நாமக்கல். செலுத்திய தொகை ஐந்து இலட்சம் ரூபாய் வரையாயின் முறையீட்டுக்குக் கட்டணம் இல்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் கேட்கலாம். எழுநூறு ரூபாய்க்காக ஆணையம் வரை செல்வார்களா என்று கேட்டால், பெரும்பாலோர் செல்லமாட்டார்கள். ஆனால் அந்த உரிமை இருப்பதை அறிந்து பேசும் குடும்பத்துக்கு வரவேற்பு மேசையில் கிடைக்கும் மறுமொழி வேறாக இருப்பதை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

இப்போது மறுபக்கம். நோயாளியே வேறு நாள் கேட்கும்போது என்ன ஆகிறது?

எங்கள் அறையில் பாலிப் அகற்றும் சிகிச்சை ஒன்றுக்கு ஏறத்தாழ ஒருமணி நேரம் ஒதுக்குகிறோம். மயக்க மருத்துவர், செவிலியர், கருவி சுத்தம் செய்பவர் ஆகியோர் அந்த நேரத்துக்குக் கட்டுப்பட்டிருக்கிறார்கள். ஒருவர் நான்கு நாட்களுக்கு முன் சொன்னால் அந்த இடத்துக்குக் காத்திருக்கும் மற்றொருவரை அழைத்துவிட முடியும்; அவருக்கும் மாத்திரை நிறுத்தவும் உணவை மாற்றவும் நாள் கிடைக்கும். முதல்நாள் மாலையில் சொன்னால் யாரையும் அழைக்க இயலாது. குடலைச் சுத்தம் செய்யாமல் எவரும் வந்து படுக்க முடியாதல்லவா? அந்த ஒருமணி நேரம் வெறுமையாகப் போகும். 48 மணி நேரத்துக்குள் கேட்கப்படும் மாற்றத்துக்கு 300 ரூபாய் வாங்கும் விதி இதனால்தான் வந்தது. முன்னதாகச் சொன்னால் கட்டணம் இல்லை.

அந்த 48 மணி நேரத்துக்குள்ளும் விலக்கு உண்டு. சில மாதங்களுக்கு முன் ஓர் அம்மையார், பரிசோதனைக்கு முதல்நாள் காலையில் அழைத்து, மைத்துனர் இறந்துவிட்டதாகச் சொன்னார். கட்டணம் வாங்கவில்லை. பேதி மருந்தை அவர் இன்னும் கலக்கவில்லை. பொட்டலத்தைப் பிரிக்காமல் வைத்திருந்து அடுத்த தேதிக்கே பயன்படுத்தச் சொன்னோம். இரத்தப் பரிசோதனை முடிவுகளும் அடுத்த தேதிக்குள் பழையனவாகிவிடவில்லை. மீண்டும் எடுக்கத் தேவையில்லை என்று சீட்டிலேயே எழுதிக் கொடுத்தோம். அவருக்குக் கூடுதலாக ஒரு ரூபாயும் ஆகவில்லை. அழைக்காமல் விட்டிருந்தாலோ, மருந்தைக் கலந்தபின் அழைத்திருந்தாலோ, மருந்தின் செலவு அவருடையதாகியிருக்கும். அது நியாயமும் ஆகும்.

ஆயினும் நோயாளியின் தவறு போலத் தோன்றும் எல்லாம் அவருடைய தவறல்ல. பரிசோதனை நாளன்று விடியற்காலையில் கஞ்சி குடித்துவிட்டு வந்த ஒருவரை ‘அறிவுரையை மீறியவர்’ என்று பதிவேட்டில் எழுதப் போனோம். விசாரித்தால், ‘சோறு சாப்பிட வேண்டாம்’ என்று எங்கள் ஊழியர் சொல்லியிருக்கிறார். கஞ்சி சோறு அல்ல என்று அவர் எண்ணியிருக்கிறார். தண்ணீர், வடிகட்டிய இளநீர், பாலில்லாத தேநீர் தவிர வேறொன்றும் கூடாது, அதுவும் இத்தனை மணி வரையில்தான் என்று தெளிவாகச் சொல்லியிருந்தால் அவர் குடித்திருக்கமாட்டார். அந்த மாற்றத்தை எங்கள் கணக்கில் எழுதினோம். எழுதப்பட்ட தாள் கொடுத்தோம் என்பது போதாது. அதைப் படித்துச் சொல்ல வீட்டில் ஆள் உண்டா என்பதையும் கேட்டிருக்கவேண்டும்.

யாருடைய தவறும் இல்லாத மாற்றங்களும் உண்டு. மழைக்காலத்தில் மலைப்பாதையில் மண்ணும் பாறையும் சரிந்து போக்குவரத்து நின்றுவிடுவதுண்டு. ஆடிப்பெருக்கை ஒட்டி வல்வில் ஓரி விழாவும் அறப்பளீஸ்வரர் கோயில் கூட்டமும் சேரும் நாட்களில் வளைவுகளில் வண்டிகள் நகர்வதே அரிது. அந்த நாட்களில் மலையிலிருந்து வருவோருக்குத் தேதி கொடுப்பதை நாங்களே தவிர்க்கிறோம். காய்ச்சல், கடும் இருமல் கண்டால் மயக்கம் கொடுப்பது உசிதமன்று. தள்ளிவைப்பது மருத்துவரின் முடிவு. இத்தகையவற்றில் எவரிடமும் கட்டணம் இல்லை. அவரவர் பயணச் செலவு அவரவருடையது. காய்ச்சல் இருந்தால் மலையிலிருந்து புறப்படும் முன்பே அழைத்துவிடுங்கள். வந்தபின் திருப்பி அனுப்பும்போது எங்கள் மனமும் நோகிறது. உங்கள் பணமும் போகிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் வருவோரும் இதையே பின்பற்றலாம். தேதி மாறும்போது காப்பீட்டு அனுமதியில் செய்யவேண்டிய திருத்தம் மருத்துவமனையின் வேலை. அதற்கென உங்களிடம் எவரும் தனியாகப் பணம் கேட்கக்கூடாது.

மலையிலிருந்து வருவோர் பேதி மருந்தைக் குடிக்கும் நேரத்தையும் இங்கு சொல்லியாக வேண்டும். மருந்தின் இரண்டாம் பாதியைப் பரிசோதனைக்கு நான்கு முதல் ஆறு மணி நேரம் முன்னதாகத் தொடங்கினால்தான் குடல் நன்றாகத் தெரியும். காலைப் பரிசோதனைக்கு அன்றே இறங்கி வருவதானால், மருந்து வேலை செய்யும் அதே வேளையில் நீங்கள் கொண்டை ஊசி வளைவில் இருப்பீர்கள். இந்த அவதிக்கு அஞ்சியே பலர் இரண்டாம் பாதியைக் குடிக்காமல் வந்துவிடுகிறார்கள். குடல் அசுத்தமாக இருப்பதால் பரிசோதனையை நிறுத்தி வேறு தேதி கொடுக்க நேர்கிறது. முன்பு இதை நோயாளியின் தவறு என்று எழுதி வந்தோம். பேருந்து நேரத்தைக் கேளாமல் காலை எட்டு மணியைக் கொடுத்தது எங்கள் தவறு என்று இப்போது எண்ணுகிறோம். மலையிலிருந்து வருவோருக்கு முதல்நாள் மாலையே வார்டில் இடம் தருகிறோம், அல்லது பிற்பகல் நேரம் கொடுத்து இரண்டாம் பாதியை இங்கு வந்து குடிக்கச் சொல்கிறோம். தேதி வாங்கும்போதே ‘மலையிலிருந்து வருகிறோம்’ என்று சொல்லிவிட்டால் போதும்.

பெரியவருக்கு நேர்ந்ததற்குப் பிறகு எங்கள் செய்தியின் வாசகம் மாறியது. எங்கள் தவறாயின் அது இப்படிச் செல்கிறது: ‘வணக்கம். வியாழக்கிழமை நடைபெறவிருந்த தங்கள் பரிசோதனையை எங்கள் தரப்புக் காரணத்தால் மாற்ற வேண்டியுள்ளது. பேதி மருந்தைக் குடிக்க வேண்டாம். நிறுத்தி வைத்துள்ள மாத்திரையைத் தொடர்வது குறித்து மருத்துவர் இன்று தங்களை அழைத்துச் சொல்வார். தங்களுக்குக் கட்டணம் ஏதும் இல்லை. வீணான செலவு இருப்பின் சீட்டுகளுடன் தெரிவிக்கவும்.’ நீங்கள் கேட்ட மாற்றமாயின், ‘தாங்கள் கேட்டுக்கொண்டபடி’ என்று தொடங்கி, கேட்டவர் பெயரும் கேட்ட நாளும் குறிக்கப்படும். செய்தியை அனுப்பியதோடு வேலை முடிவதில்லை. குடும்பத்தில் ஒருவர் ‘தெரிந்துகொண்டோம்’ என்று பேசிய பிறகே தேதி மாறியதாகக் கொள்கிறோம். அதுவரையில், அறியாமல் வந்தவரின் பயணத்துக்குப் பொறுப்பு எங்களுடையது. கணினியின் காரணப் பட்டியலில் முதலிடம் இப்போது வெற்றாக இருக்கிறது. ஒன்றைத் தேடித்தான் அழுத்தவேண்டும்.

உங்கள் பக்கத்தில் செய்யக்கூடியவை சில உண்டு. இரண்டு அலைபேசி எண்களைக் கொடுங்கள். வீட்டில் அலை கிடைக்காதெனில் செம்மேட்டிலோ சோளக்காட்டிலோ கடை வைத்திருக்கும் உறவினர் எண்ணாக ஒன்று இருக்கட்டும். எண் மாறினால் வரவேற்பு மேசையில் சொல்லி, கணினித் திரையில் மாறியதா என்று பார்த்துவிடுங்கள். மருத்துவரிடம் மட்டும் சொன்னால் பெரியவருக்கு நேர்ந்ததுதான் நேரும். பேருந்துச் சீட்டு, அறை வாடகை இரசீது, மருந்துக் கடை இரசீது ஆகியவற்றை அந்தப் பரிசோதனை முடியும் வரையில் வைத்திருங்கள். இரத்த உறைவுத் தடுப்பு மாத்திரையோ சர்க்கரை நோய்க்கான ஊசியோ நிறுத்தியிருந்தால், தேதி மாறியது என்ற செய்தி கிடைத்தவுடன் நீங்களே அழைத்து ‘மாத்திரையை இனி எப்படிப் போடுவது?’ என்று கேளுங்கள். ‘வந்தபின் பார்த்துக்கொள்ளலாம்’ என்ற விடையை ஏற்காதீர்கள். மருத்துவரிடம் பேசவேண்டும் என்று சொல்லுங்கள்.

மாற்றுச் சீட்டு கைக்கு வந்ததும், கட்டணத்தைப் பார்ப்பதற்கு முன் ‘காரணம்’ என்ற வரியைப் பாருங்கள். நீங்கள் கேளாதிருக்கையில் ‘நோயாளியின் வேண்டுகோள்’ என்று இருந்தால் கையெழுத்திடாமல், மேசையை விட்டு நகரும் முன்பே திருத்தித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் அந்தச் சீட்டோடு நேரே எங்கள் பிரிவுக்கு வாருங்கள்; முன்பதிவு இல்லாவிட்டாலும் உள்ளே விடும்படி செவிலியரிடம் சொல்லி வைத்திருக்கிறோம்.